வேலைக்கு ஆள் எடுக்கும் மென்பொருள் தவறு செய்தால் பொறுப்பு யாருடையது?

விண்ணப்பங்களை வடிகட்டி மதிப்பெண் போடும் மென்பொருள்கள் பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களில் மென்பொருள் எழுதுபவர், அதை வாங்குபவர், அதில் சிக்கியவர் என எல்லாத் தரப்பினரும் இருக்கிறார்கள்.

நான் இப்படி ஒரு மென்பொருள் எழுதும் குழுவில் இருக்கிறேன். டேட்டாவில் பால், வயது, இனம் ஆகிய பத்திகளையே நீக்கிவிட்டோம். அப்புறமும் பாரபட்சம் என்றால் எங்கிருந்து வருகிறது?

மீதமிருக்கும் பத்திகளிலிருந்துதான். அமேசான் நிறுவனம் 2014இல் ஒரு சோதனைக் கருவி செய்யத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் வந்த ரெஸ்யூம்களைப் படிக்கவைத்து, புதிய விண்ணப்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுக்கச் செய்தார்கள். அந்தப் பழைய ரெஸ்யூம்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, ‘பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவி’ என்பது போல ‘பெண்கள்’ என்ற சொல் வந்தாலே மதிப்பெண் குறைந்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் அதே கதி. அந்தச் சொற்களைக் குறிப்பாகத் திருத்தினார்கள். ஆனால் வேறு வழியில் இதே வேலையை மாடல் செய்யாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. கடைசியில் குழுவைக் கலைத்தார்கள். 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி மூலம் இது வெளியே தெரிந்தது. ஆட்களை எடைபோட அதைத் தங்கள் பணியாளர்கள் ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது.

உங்கள் குழு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நீக்கிய ‘பால்’ பத்தியைத் தனியே வைத்துக்கொண்டு, மீதிப் பத்திகளை மட்டும் கொடுத்து அதை ஊகிக்க ஒரு சின்ன மாடலைப் பழக்குங்கள். அது நன்றாக ஊகித்தால், நீங்கள் பத்தியை நீக்கினீர்களே தவிர தகவலை நீக்கவில்லை. அடுத்து, மாடலுக்கு எதை ‘நல்ல விடை’ என்று காட்டினீர்கள் என்று பாருங்கள். ‘முன்பு யாரை வேலைக்கு எடுத்தார்கள்’ என்பதைக் காட்டியிருந்தால், நல்ல ஊழியர் எப்படி இருப்பார் என்பதை அது கற்கவில்லை. பழைய மேலாளர்களுக்கு யாரைப் பிடித்தது என்பதைத்தான் கற்றிருக்கிறது. அந்த இலக்கைத் தேர்ந்தெடுத்தது உங்கள் குழு. அதற்கான பொறுப்பை வேறு யார் மேலும் இறக்கிவைக்க முடியாது.

எங்கள் நிறுவனத்தில் மனிதவளத் துறையைக் கவனிக்கிறேன். மென்பொருள் விற்றவர்கள் ‘பாரபட்சத் தணிக்கையில் தேறியது’ என்று அறிக்கை தந்தார்கள். தவறு நடந்தால் பொறுப்பு அவர்களுடையது என்று ஒப்பந்தத்திலும் இருக்கிறது. நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா?

நஷ்ட ஈட்டுப் பணம் யார் கொடுப்பது என்பதை ஒப்பந்தம் முடிவு செய்யலாம். ஒருவரை ஏன் நிராகரித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையை அது இடம் மாற்றாது. இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு பதவிக்கு 600 ஆண்களும் 400 பெண்களும் விண்ணப்பிக்கிறார்கள். மென்பொருள் நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 70க்கு மேல் வாங்கியவர்களை நேர்முகத்துக்கு அழைப்பது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். ஆண்களில் 180 பேர் தேறுகிறார்கள், அதாவது 30 சதவீதம். பெண்களில் 84 பேர், அதாவது 21 சதவீதம். 21ஐ 30ஆல் வகுத்தால் 0.70. அமெரிக்காவில் 1978 முதல் ஒரு தோராய விதி இருக்கிறது. ஒரு பிரிவினரின் தேர்ச்சி விகிதம், அதிகம் தேறிய பிரிவினருடையதில் ஐந்தில் நான்கு பங்குக்கு, அதாவது 0.80க்குக் கீழே போனால் விசாரிக்க வேண்டும். இங்கே போய்விட்டது.

இப்போது கட்-ஆஃபை 60 ஆக இறக்குங்கள். ஆண்கள் 300 பேர், பெண்கள் 172 பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 50க்கு 43, விகிதம் 0.86. மென்பொருளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது நீங்கள் வைத்த கோடு மட்டுமே. விற்றவர் கொடுத்தது மதிப்பெண், நிராகரிப்பை உண்டாக்கியது உங்கள் 70. அதை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால், பல அலுவலகங்களில் ‘அதற்கு மேல் பேட்டி எடுக்க நேரமில்லை’ என்பதுதான் உண்மையான பதில்.

இதற்காக விற்றவர் தப்பிக்க முடியாது. தேடிப் பார்க்கிறீர்கள், இடைவெளி இல்லாத பணி அனுபவத்துக்கு மென்பொருள் நிறைய மதிப்பெண் தருவது தெரிய வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறப்புக்காக இரண்டு ஆண்டு வேலையை விட்டவர்கள் அங்கே அடிபடுகிறார்கள். அந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்பது விற்றவருக்குத்தான் தெரியும். இந்த வேலைக்கு இடைவெளியில்லாத அனுபவம் தேவையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இருவரும் உட்கார்ந்து பேசாதவரை யாருக்கும் முழுசாகத் தெரியாது. என் கணிப்பில், இந்தத் துறையில் நடக்கும் தீங்கில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே தெரியக்கூடிய பாதியைப் பார்க்காமல் விடுகிறார், அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார். பொறுப்பை ஒரு ரொட்டி மாதிரி துண்டு போட்டுப் பங்கிட வேண்டாம். தன் பாதிக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு.

அந்தத் தணிக்கை அறிக்கையையும் ஒருமுறை திறந்து படியுங்கள். நியூயார்க் நகரத்தில் 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தப்படும் உள்ளூர்ச் சட்டம் 144, ஆண்டுக்கு ஒருமுறை சுதந்திரமான தணிக்கை வேண்டும் என்கிறது. ஆனால் அது கேட்பது பாலும் இனமும் மட்டுமே. வயதும் உடல் குறைபாடும் அதில் இல்லை. சில சூழல்களில் பல நிறுவனங்களின் டேட்டாவைச் சேர்த்துத் தணிக்கை செய்வதையும் அது அனுமதிக்கிறது. இருபது நிறுவனங்களைச் சேர்த்தால் 0.90 வரலாம், அதற்குள் உங்கள் 0.70 காணாமல் போயிருக்கும். ஆகவே உங்கள் விண்ணப்பதாரர்களை வைத்து, உங்கள் கட்-ஆஃபில், நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரு பிரிவில் பத்துப் பேர்தான் என்றால் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் தாவிவிடும். சில மாதங்கள் சேர்த்துப் பாருங்கள்.

மென்பொருள் வரிசைப்படுத்தித் தரும் 500 பேர் பட்டியலில் முதல் இருபது பேரைப் பார்த்து இறுதி முடிவு எடுப்பவன் நான். ‘கடைசியில் மனிதர்தான் முடிவு செய்கிறார்’ என்று மேலதிகாரி வெளியே சொல்கிறார். அப்படியானால் எல்லாம் என் தலையிலா?

இல்லை. நிராகரிக்கப்பட்ட 480 பேரை நீங்கள் பார்க்கவே இல்லையே. பார்க்காதவர்களைப் பற்றி நீங்கள் எப்படி முடிவு எடுத்திருக்க முடியும்? தானியங்கிக் கருவிகள் தவறும்போது, கட்டுப்பாடு ஏதும் இல்லாத மனிதர்மேல் பழி வந்து விழுவதை ஆய்வாளர் மேட்லின் எலிஷ் விரிவாக எழுதியிருக்கிறார். உங்களை நிறுத்தியிருக்கும் இடம் அதுதான்.

உங்களால் ஒன்று செய்ய முடியும். கட்-ஆஃபுக்குக் கீழே இருப்பவர்களில் முப்பது பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, மேலே உள்ளவர்களோடு கலந்து படித்துப் பாருங்கள். நல்லவர்கள் அங்கே கிடந்தால் தெரிந்துவிடும். இதைச் செய்ய நேரம் கேட்டு எழுத்தில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மறுத்தால், பொறுப்பு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த மின்னஞ்சலே சாட்சி.

தத்துவம் படிக்கும் மாணவி நான். யாருமே தீங்கு நினைக்கவில்லை, மாடல் தானாகக் கற்றுக்கொண்டது என்றால், குற்றம் சுமத்த ஆளே இல்லை என்று ஆகாதா?

தத்துவ ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் மத்தியாஸ் 2004இல் இதற்குப் ‘பொறுப்பு இடைவெளி’ என்று பெயர் வைத்தார். கற்றுக்கொள்ளும் இயந்திரம் என்ன செய்யும் என்பதைச் செய்தவராலேயே முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே அவரைக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை என்பது வாதம். வாதம் வலுவானதுதான். ஆனால் ஆள் எடுக்கும் மென்பொருளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். எந்த ஒரு விண்ணப்பத்துக்கு என்ன மதிப்பெண் வரும் என்று முன்கூட்டித் தெரியாமல் இருக்கலாம். பழைய பாரபட்சத்தைக் கற்றுக்கொடுத்தால் அது திரும்பி வரும் என்பது தெரிந்த சங்கதி.

லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி 1980களில் விண்ணப்பங்களை முதல் கட்டமாக வடிகட்ட ஒரு கணினி நிரல் வைத்திருந்தது. வேலை இல்லை, மாணவர் சேர்க்கை, ஆனால் கதை ஒன்றே. மனிதத் தேர்வாளர்களின் முடிவுகளோடு ஒத்துப்போகும்படி அதைச் செதுக்கினார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஒத்தும் போனது. பெண்களுக்கும், ஐரோப்பியரல்லாதவர் என்று பெயரை வைத்து வகைப்படுத்தப்பட்டவர்களுக்கும் புள்ளிகளைக் குறைத்தது. பிரிட்டனின் இனச் சமத்துவ ஆணையம் 1988இல் கல்லூரியைக் குற்றவாளி என்றது. நிரல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தேர்வாளர்கள் வழக்கமாகச் செய்துவந்ததை எண்ணாக எழுதிவைத்தது, அதனால்தான் நிரூபிக்கவும் முடிந்தது.

பழி என்பதும் பொறுப்பு என்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 1971இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில், வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு தேர்வு ஒரு பிரிவினரை அதிகம் வெளியேற்றினால், நிறுவனத்தின் எண்ணம் நல்லதாக இருந்தாலும் அது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கெட்ட எண்ணம் இல்லாதவரைப் பழிக்காமல் விடலாம். சரிசெய்யும் கடமையிலிருந்து அவரை விடுவிக்க அது காரணமாகாது.

விண்ணப்பித்த ஒரு மணி நேரத்துக்குள், நள்ளிரவில், நிராகரிப்பு வந்தது. இயந்திரம்தான் என்னை வயதுக்காகத் தள்ளியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இயந்திரம் தள்ளியது என்பதற்கு அந்த நேரமே ஓரளவு அறிகுறி. வயதுக்காகவா என்பதை உங்கள் ஒரு விண்ணப்பத்தை வைத்துச் சொல்ல முடியாது, பாரபட்சம் கூட்டத்தில்தான் தெரியும். அபூர்வமாகச் சிலருக்குத் தனியாகவும் பிடிபடுகிறது. ஐடியூட்டர்குரூப் என்ற இணையவழிக் கற்பித்தல் நிறுவனத்தின் மென்பொருள், 55 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களையும் 60 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களையும் தானாக நிராகரித்ததாக அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2022இல் வழக்குத் தொடுத்தது. ஒரு விண்ணப்பதாரர் பிறந்த தேதியை மட்டும் மாற்றி அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்ப, நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததுதான் சான்று. 2023இல் நிறுவனம் 3,65,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கில் சொன்னபடி பார்த்தால் கற்றுக்கொள்ளும் மாடலுக்கே அங்கே இடமில்லை. வயது வரம்பை யாரோ விதியாகப் போட்டிருக்க வேண்டும்.

கற்றுக்கொள்ளும் மாடல்களில் அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. வொர்க்டே நிறுவனத்தின் மென்பொருள் பாரபட்சம் காட்டுவதாக 2023இல் தொடுக்கப்பட்ட வழக்கில், பல முதலாளிகளின் சார்பில் வடிகட்டும் மென்பொருள் நிறுவனத்தை அவர்களின் முகவராகக் கருதி வழக்கை நடத்தலாம் என்று 2024 ஜூலையில் கலிஃபோர்னிய நீதிபதி அனுமதித்தார். குற்றச்சாட்டை நிறுவனம் மறுக்கிறது. மனித மேலாளர் ஒருவர் உங்களைத் தவறாக ஒதுக்கினால் நீங்கள் அடுத்த கதவைத் தட்டலாம். ஒரே மென்பொருள் நூறு கதவுகளில் இருந்தால், அதே தவறு நூறு முறை உங்களைத் திருப்பி அனுப்பும். விற்றவரை நேரடியாகக் கேள்வி கேட்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது முக்கியக் காரணம்.

நிராகரிப்பு மின்னஞ்சலை, வந்த நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி முறையில் மதிப்பிட்டீர்களா, எந்த மென்பொருள், மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்வாரா என்று எழுதிக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், முழுக்கத் தானியங்கியாக எடுத்த முடிவு என்றால், மனிதத் தலையீட்டைக் கேட்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வழி செய்கிறது. வேறு இடங்களில் பதில் வராமலே போகலாம். ஆனாலும் கேட்டு வையுங்கள், பின்னாளில் கூட்டு வழக்கு ஒன்று வந்தால் தேதியோடு இருக்கும் கடிதம் உதவும்.