மூன்று நொடிப் பலகை: கேள்வி பதில்

நெடுஞ்சாலைப் பலகைக்கு இந்த வரி: "பாரம்பரியச் சுவையில் தரமான சைவ உணவு வகைகளுக்கு இன்னும் 2 கி.மீ. தொலைவில் இடப்பக்கம் எங்கள் உணவகத்திற்கு வருகை தாருங்கள்." எதைக் குறைக்கலாம்?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மூன்று நொடியில் ஏறத்தாழ 67 மீட்டர் கடந்துவிடும். அதற்குள்ளும் ஓட்டுநரின் கண் முன்னால் போகும் லாரிக்குத் திரும்பியாக வேண்டும். பசித்தவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: என்ன கிடைக்கும், எவ்வளவு தூரம். 'பாரம்பரியச் சுவை', 'தரமான' இரண்டையும் எல்லா உணவகங்களும் எழுதுகின்றன. 'வருகை தாருங்கள்' என்பதைப் பலகை நிற்பதே சொல்லிவிடுகிறது. நடுவில் தடுப்புள்ள சாலையில் வலப்பக்கம் திரும்ப வழியில்லாததால் 'இடப்பக்கம்' என்பதும் வேண்டியதில்லை. மிஞ்சுவது: "இட்லி, தோசை 2 கி.மீ." கீழே கடைப்பெயர். அந்த 2 கி.மீ. தூரத்திற்கு ஒன்றரை நிமிடம் ஆகும். காரில் இருப்பவர்கள் பேசி முடிவெடுக்க அது போதும்.

ஏழு சொற்களுக்குள் இருந்தால் போதும் என்கிறார்களே? 'நெடுஞ்சாலைப் பயணிகளுக்கான சிறப்புச் சிற்றுண்டிச்சாலை' நான்கே சொற்கள்தான்.

சொல் எண்ணிக்கையில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலப் பலகைகளுக்கு உரியது. தமிழில் உருபும் சொல்லும் ஒட்டிக்கொண்டு நீள்வதால் எழுத்தை எண்ணுங்கள். உங்கள் வரியில் 27 எழுத்துகள். 'இட்லி, தோசை' என்பதில் ஐந்து.

தொலைபேசி எண் எங்கே போடலாம்?

போடாதீர்கள். வண்டி ஓட்டுபவர் பத்து இலக்கத்தை மனப்பாடம் செய்யமாட்டார்.

'சைவம்' போய்விட்டதே! எங்கள் வாடிக்கையாளர்கள் தேடுவதே அதைத்தான்.

நியாயம். அப்படியானால் "சைவச் சாப்பாடு 2 கி.மீ."

'ச்' எதற்கு? ஓர் எழுத்து மிச்சமாகுமே.

இலக்கணப்படி அங்கே வல்லினம் மிகும்.

நான் பலகை எழுதுபவன். தூரத்தில் புள்ளி மறைந்து 'சைவசசாப்பாடு' என்றுதான் தெரிகிறது. யார் சொல்வது சரி?

கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கமுடியாது. மெல்லிய எழுத்துருவில் புள்ளிதான் முதலில் காணாமல் போகும். ஆனால் அதற்குத் தடித்த எழுத்தும் பெரிய புள்ளியும்தான் மருந்து என்பேன். பிழையாக எழுதிய பலகையைப் பார்ப்பவர் பிழையை மட்டுமே பார்த்துவிட்டுப் போகும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் தவிர்க்க 'சைவ உணவு' எனலாம், ஆயினும் 'சாப்பாடு' என்ற சொல்லில் உள்ள இலைச்சோற்று மணம் அதில் இல்லை. இந்த வழக்கு இன்று தீராது.

பலகைக்கு அனுமதி யாரிடம் வாங்குவது?

அது என் துறையன்று. உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் போடலாமா?

மேலே சொல்லிவிட்டேன்.

வரி புரிகிறதா என்று அச்சிடும் முன் எப்படி அறிவது?

20 அடி அகலப் பலகை 100 மீட்டரிலிருந்து தெரியும் அளவில்தான், ஒரு முகவரி அட்டை ஒன்றரை மீட்டரிலிருந்து தெரியும். வரியை அட்டையளவில் அச்சிட்டு, விவரம் தெரியாத ஒருவரிடம் அந்தத் தொலைவில் மூன்று நொடி காட்டி மறைத்துவிட்டு, 'என்ன இருந்தது?' என்று கேளுங்கள். 'ஏதோ ஓட்டல்' என்று சொன்னால் இன்னும் வெட்ட வேண்டும்.