தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து போனால் என்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை திடீரென்று மண்டையைப் பிளக்கிற தலைவலி, உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடப்பு. அரை மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. ஈ.சி.ஜி., தைராய்டு எல்லாம் நார்மல். "கிட்னிக்கு மேலே கட்டி இருக்கிறதா என்று பார்க்கணும்" என்கிறார் டாக்டர். பயமாக இருக்கிறது. நேராக ஸ்கேன் எடுத்துவிடலாமா?

பதில்:

ஸ்கேன் முதலில் வேண்டாம். முதலில் ரத்த டெஸ்ட் அல்லது சிறுநீர் டெஸ்ட், அதில் தெளிவாக அதிகம் என்று வந்தால்தான் ஸ்கேன். நாளமில்லாச் சுரப்பி நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த வரிசை மாறுவதால் குடும்பங்கள் தேவையில்லாமல் அலைவதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டாக்டர் சந்தேகப்படுவது ஃபியோகுரோமோசைட்டோமா. ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி வைத்த மாதிரி ஓர் அட்ரினல் சுரப்பி இருக்கிறது. அதன் உட்பகுதியில் வருகிற கட்டி இது. அட்ரினலின், நார் அட்ரினலின் இரண்டையும் கட்டுப்பாடில்லாமல் ரத்தத்தில் கொட்டும். மிகவும் அரிது: ரத்த அழுத்தம் உள்ள ஆயிரம் பேரை எடுத்தால் இரண்டிலிருந்து ஆறு பேருக்குத்தான் இது காரணமாக இருக்கும். அம்மாவின் வயதில் மாதவிடாய் நிற்கிற காலத்து வியர்வையும் படபடப்பும்தான் அதைவிடப் பல மடங்கு சாதாரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. அடுத்த தடவை வரும்போது முகத்தைப் பாருங்கள். மாதவிடாய் சார்ந்த வெப்பம் என்றால் முகமும் கழுத்தும் சிவந்து சூடாகும். இந்தக் கட்டி என்றால் ரத்தக்குழாய்கள் சுருங்கி முகம் பெரும்பாலும் வெளிறிப்போகும். அந்த நேரத்திலேயே பி.பி.யும் எடுத்து, மணி போட்டு எழுதி வையுங்கள். இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது, ஆனால் டாக்டருக்கு இது பெரிய உதவி.

சரி, டெஸ்டுக்கு வருவோம். அட்ரினலினை நேரடியாக அளப்பதில்லை. அது வெடித்து வெளியே வந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும், அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால்தான் பிடிபடும். ஆனால் கட்டியின் செல்லுக்குள்ளேயே அட்ரினலினும் நார் அட்ரினலினும் மெட்டாநெஃப்ரின், நார்மெட்டாநெஃப்ரின் என்ற பொருள்களாக மாறி, தலைவலி வந்தாலும் வராவிட்டாலும் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். இவற்றைத்தான் அளக்கிறோம். ஆகவே தலைவலி வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், எந்த நாளிலும் ரத்தம் கொடுக்கலாம். பழைய வி.எம்.ஏ. சிறுநீர் டெஸ்டை யாராவது எழுதிக் கொடுத்தால், மெட்டாநெஃப்ரின் டெஸ்டே எடுக்கலாமா என்று கேளுங்கள். வி.எம்.ஏ. டெஸ்ட் நோயைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம்.

கோளாறு பெரும்பாலும் ரத்தம் எடுக்கிற விதத்தில்தான் வருகிறது. நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடி கொடுத்தால், கட்டியே இல்லாதவருக்கும் நார்மெட்டாநெஃப்ரின் ஏறும். இருபதிலிருந்து முப்பது நிமிடம் படுத்திருந்து, படுத்தபடியே எடுக்க வேண்டும். லேபில் படுக்கை இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். அடுத்தது மாத்திரைகள். ஒற்றைத் தலைவலிக்கு நிறையப் பேருக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் இந்த அளவைப் பொய்யாக உயர்த்தும். வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் அப்படித்தான், மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவும் குழப்பும். சில லேப் முறைகளில் பாராசிட்டமால்கூட இடைஞ்சல். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். நிறுத்த வேண்டியதை அவர் படிப்படியாக நிறுத்தி, இரண்டு வாரம் விட்டு டெஸ்ட் எடுக்கச் சொல்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிறுநீர் டெஸ்ட் என்றால் 24 மணி நேரம் சேர்க்க வேண்டும். காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மறுநாள் அதே நேரம்வரை போகும் ஒவ்வொரு சொட்டும் லேப் கொடுத்த கேனுக்குள் போக வேண்டும். கேனின் அடியில் அமிலம் இருக்கலாம், கொட்டிவிடாதீர்கள், கையிலும் படக்கூடாது. கூடவே, தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவையும் பார்ப்பார்கள். ஒரு தடவை சேர்க்க மறந்திருந்தால் அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், உச்ச வரம்பைவிட எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஒழுங்காக எடுத்த டெஸ்டில் வரம்புக்குள் இருந்தால் இந்தக் கட்டி அநேகமாக இல்லை. ஒன்றரை மடங்கு என்றால் பெரும்பாலும் பொய் எச்சரிக்கை, சரியான முறையில் மறுபடி எடுக்க வேண்டும். மூன்று நான்கு மடங்கைத் தாண்டினால்தான் பலமான சந்தேகம்.

எங்களிடம் வந்த ஒரு லாரி டிரைவரைச் சொல்கிறேன். குனிந்து டயர் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு இந்த மூன்றும் வரும். மற்ற நேரத்தில் பி.பி. 130/80, வந்த நேரத்தில் 220/120. படபடப்புக்கு என்று வேறோர் இடத்தில் புரோப்ரனலால் கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு வந்தது முன்னைவிட மோசம். காரணம் இருக்கிறது: அந்த மாத்திரை அட்ரினலினின் ஒரு வழியை மட்டும் அடைக்கிறது, ரத்தக்குழாயைச் சுருக்கும் வழி திறந்தே கிடக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் தலைவலிக்கோ படபடப்புக்கோ அந்த மாத்திரை கொடுத்திருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடும் இந்தக் கட்டி உள்ளவருக்கு ஆபத்து.

டிரைவரின் நார்மெட்டாநெஃப்ரின் ஆறு மடங்கு. அப்புறம்தான் வயிற்றுக்கு சி.டி. எடுத்தோம். வலது அட்ரினலில் நாலரை சென்டிமீட்டர் கட்டி, சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 38. இந்த அடர்த்தி 10க்குக் கீழே இருந்தால் அது கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டி, ஃபியோவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வயது ஏற ஏற அட்ரினலில் இப்படிச் சாதுவான சிறு முடிச்சுகள் பலருக்கு இருக்கும். ஸ்கேனை முதலில் எடுத்தால் அதில் ஒன்று கண்ணில் பட்டுவிடும், அதையே நோய் என்று நினைத்து ஓட வேண்டி வரும். இன்னொன்று, ஊசி குத்திச் சதை எடுக்கும் பயாப்சி இதில் கூடாது. குத்தினால் பி.பி. எகிறிவிடும்.

அவருக்கு ரத்தக்குழாய் சுருங்குவதைத் தடுக்கும் பிரசோசின் மாத்திரையை இரவு படுக்கும்முன் சின்ன அளவில் தொடங்கினோம், முதல் வேளையில் எழுந்து நின்றால் தலைசுற்றி விழலாம் என்பதால். இரண்டு வாரம் அளவைக் கூட்டி, உப்பும் தண்ணீரும் நிறையக் கொடுத்து, பிறகே நாடித் துடிப்புக்கு மாத்திரை சேர்த்து, லேப்ராஸ்கோப்பியில் கட்டியை எடுத்தார்கள். எடுத்த பிறகு பி.பி.யும் சர்க்கரையும் சட்டென்று இறங்கலாம், எனவே முதல் நாள் ஐ.சி.யூ.வில் வைத்துக் கவனித்தோம். தலைவலி நின்றுவிட்டது. சில வாரம் கழித்து எடுத்த மெட்டாநெஃப்ரின் நார்மல்.

கட்டி உறுதியானவர்களுக்கு மரபணு டெஸ்டும் எழுதுவோம், ஏனென்றால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. 1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோயாளி 18 வயதுப் பெண். அவர் இறந்த பிறகே இரண்டு அட்ரினலிலும் கட்டி தெரிந்தது. 2007இல் அந்தக் குடும்பத்து வாரிசுகளைச் சோதித்தபோது ஆர்.இ.டி. மரபணுவில் மாற்றம் இருந்தது. அம்மாவுக்கு உறுதியானால் உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் டெஸ்ட் தேவையா என்று அப்போது கேளுங்கள். இப்போதைக்குப் படுக்கை உள்ள லேபைத் தேடுவதும், மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோவதும் போதும்.