பன்னிரண்டு நாளில் மாத்திரையை எடைபோட வேண்டாம்

கேள்வி: மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் 5 மில்லிகிராம் கொடுத்து, ஒரு வாரம் கழித்து 10 ஆக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு நாளாகியும் குமட்டலைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போது நிறுத்த வேண்டாம். முதல் வாரத்து 5 மில்லிகிராம் உடலைப் பழக்குவதற்காகவே கொடுக்கப்பட்டது. இந்த மாத்திரை செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வழியாக வேலை செய்கிறது. உடலிலுள்ள செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருப்பதால், மாத்திரையின் வருகையை மனத்துக்கு முன்பே வயிறு உணர்ந்துவிடுகிறது. சாப்பிட்ட பிறகு விழுங்குங்கள். பெரும்பாலோருக்கு இந்தக் குமட்டல் இரண்டு வாரங்களுக்குள் அடங்கும்.

நீங்கள் 10 மில்லிகிராமுக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. மனநிலையில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்களும், முழுப் பலன் கிடைக்க ஆறு முதல் எட்டு வாரங்களும் ஆகலாம். நான்கு வாரம் கடந்தும் சிறிதும் முன்னேற்றம் இல்லையென்றால், அளவையோ மருந்தையோ மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் உட்கார முடியாத பதற்றமோ தற்கொலை எண்ணமோ தோன்றினால், குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்கள், அன்றைக்கே மருத்துவரை அணுக வேண்டும். ஐந்து நிமிடத்தில் சீட்டெழுதி அடுத்தவரை அழைக்கும் நம் மருத்துவமுறையில் இவற்றை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத ஆற்றாமை.

சில மாதங்களில் நீங்கள் நலமடைந்ததும், "இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவீர்கள், இன்றே நிறுத்திவிட்டு என் சூரணத்தைச் சாப்பிடுங்கள்" என்று ஒருவர் வருவார். அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு, எட்டு மாதம் 10 மில்லிகிராம் எடுத்த ஒரு பெண் ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் ஓர் அதிர்வு. தலைசுற்றல், காரணமில்லாத அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று வீட்டார் பயந்தார்கள். நோய் திரும்புவதானால் பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல வரும். நிறுத்திய சில நாள்களிலேயே இத்தகைய உடல் தொல்லைகளோடு வருவது பெரும்பாலும் மருந்தைத் திடீரென விட்டதன் விளைவு. மீண்டும் மாத்திரை கொடுத்ததும் இரண்டு நாளில் அவர் தெளிந்தார். பிறகு 7.5, 5, 2.5 என்று படிக்குப் பல வாரங்கள் வைத்துக் குறைத்தோம். கடைசிப் படிகளில்தான் மிகவும் நிதானித்தோம், ஏனெனில் சிறிய அளவுகூட மூளையில் பெரிய வேலை செய்கிறது.

"நண்பர் சட்டென்று நிறுத்தினார், ஒன்றும் ஆகவில்லையே" என்பீர்கள். அவர் எடுத்தது ஃப்ளூவாக்ஸெட்டினாக இருக்கலாம். அந்த மருந்து உடலைவிட்டு நீங்கவே வாரங்கள் ஆவதால், பெரும்பாலும் தன்னைத் தானே மெல்லக் குறைத்துக்கொள்கிறது. அப்போதும் தொல்லை வரக்கூடும், தாமதமாக வரும். அதனால் அதையும் கேட்காமல் நிறுத்தக்கூடாது. உங்கள் எஸ்சிட்டலோப்ராமோ சில நாள்களிலேயே நீங்கிவிடும். ஆகவே நண்பரின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது. ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கிக் குறைப்பதும் வேண்டாம்; இரத்தத்தில் மருந்து ஏறி இறங்கி அதே தொல்லையைத் தரும். தினமும் எடுத்துக்கொண்டே அளவைக் குறையுங்கள், அதையும் மருத்துவர் எழுதித் தரும் கணக்கின்படி மட்டும்.