கடன் நோட்டும் கல்லாவும் மட்டும் இருந்தால்: முழுமை பெறாத பதிவேடுகள் பற்றிய கேள்வி பதில்

என்னிடம் இருப்பது ஒரு கடன் நோட்டு, சப்ளையர் பில் கட்டு, பாஸ்புக். அவ்வளவுதான். இதை வைத்து இலாபம் பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பிக்காதீர்கள், அதில் தொலைந்துபோவீர்கள். வருடத்தின் முதல் நாள், கடைசி நாள் என்று இரண்டு தேதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தந்த நாளில் கையில் என்ன இருந்தது, யாருக்கு எவ்வளவு தரவேண்டியிருந்தது என்று இரண்டு பட்டியல் போடுங்கள். இதைத்தான் நிலை அறிக்கை என்கிறோம். சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சுவது அன்றைய முதல்.

நான் முன்பு பார்த்த ஒரு கடைக் கணக்கை, எண்களை எளிதாக்கித் தருகிறேன். தொடக்கத்தில் ரொக்கமும் வங்கியும் சேர்த்து 40,000, சரக்கு 90,000, வரவேண்டிய கடன் 40,000, அலமாரி முதலானவை 30,000. மொத்தம் 2,00,000. சப்ளையர்களுக்குத் தரவேண்டியது 60,000. ஆக, தொடக்க முதல் 1,40,000.

கடைசி நாளில் ரொக்கமும் வங்கியும் 45,000, சரக்கு 1,05,000, வரவேண்டியது 55,000, அலமாரி தேய்மானம் போக 27,000. மொத்தம் 2,32,000. தரவேண்டியது 72,000. இறுதி முதல் 1,60,000.

அப்போ இலாபம் 20,000 தானே? இறுதி முதலில் தொடக்க முதலைக் கழித்தால் போதும் என்று வகுப்பில் படித்தேன்.

பாதி சரி. 20,000 என்பது முதல் கூடிய அளவு. வருடம் முழுக்க வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்த பணமும் கடை சம்பாதித்ததுதான், அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நடுவில் சொந்தப் பணத்தைக் கொண்டுவந்து போட்டிருந்தால் அது கடை சம்பாதித்தது இல்லை, கழிக்க வேண்டும்.

இந்தக் கடைக்காரர் மாதம் 5,000 எடுத்ததாகச் சொன்னார், வருடத்துக்கு 60,000. நகையை விற்று 25,000 கடையில் போட்டிருந்தார். 1,60,000 + 60,000 − 25,000 − 1,40,000 = 55,000. அந்த 25,000-ஐ விட்டிருந்தால் இலாபம் 80,000 என்று வந்திருக்கும், அவரும் மகிழ்ச்சியாக நம்பியிருப்பார். வங்கியில் விழுந்த ஒவ்வொரு பெரிய தொகையையும் 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டே ஆகவேண்டும்.

நிலை அறிக்கை என்பது கடன் கட்ட முடியாமல் நொடித்துப்போனவர்கள் கொடுப்பது இல்லையா? எங்கள் உறவினர் ஒருவர் கொடுத்தார். நல்லா ஓடும் கடைக்கு எதற்கு?

பெயர் ஒன்று, வேலை வேறு. அங்கே கடன்காரர்களுக்கு எவ்வளவு தேறும் என்று காட்டுவது. இங்கே முதல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க மட்டும். பயப்பட ஒன்றுமில்லை.

55,000 இலாபம் வந்துவிட்டது, சரி. ஆனால் வியாபாரக் கணக்கு, இலாப நட்டக் கணக்கு கேட்கிறார்கள். விற்பனையே எழுதிவைக்காதபோது அதை எப்படிப் போடுவது?

விடுபட்ட எண்களை ஒவ்வொன்றாகக் கறக்க வேண்டும். முதலில் மொத்தக் கடனாளிகள் கணக்கு. தொடக்கத்தில் 40,000 வரவேண்டியிருந்தது. வருடத்தில் 1,80,000 வசூல், இனி வராது என்று 5,000 தள்ளுபடி, முடிவில் இன்னும் 55,000 பாக்கி. அப்படியானால் கடனுக்கு விற்றது 2,00,000 ஆக இருந்தால்தான் கணக்கு நேராகும். இதேபோல மொத்தக் கடனீந்தோர் கணக்கு: கொடுத்தது 3,10,000, முடிவுப் பாக்கி 72,000, தொடக்கப் பாக்கி 60,000. கொள்முதல் 3,22,000.

அடுத்து ரொக்கமும் வங்கியும். தொடக்கம் 40,000, வசூல் 1,80,000, நகைப் பணம் 25,000, மொத்தம் 2,45,000. வெளியே போனது சப்ளையருக்கு 3,10,000, வாடகை, சம்பளம் வகையில் 70,000, வீட்டுக்கு 60,000. முடிவில் மிச்சம் 45,000. இது எல்லாம் சேர்த்தால் 4,85,000. இடிக்கும் 2,40,000 தான் ரொக்க விற்பனை.

இனி வழக்கமான வேலைதான். மொத்த விற்பனை 4,40,000. விற்ற சரக்கின் அடக்கம் 90,000 + 3,22,000 − 1,05,000 = 3,07,000. மொத்த இலாபம் 1,33,000. செலவு 70,000, வராக்கடன் 5,000, தேய்மானம் 3,000 போனால் 55,000.

ரெண்டு வழியிலும் 55,000! அப்போ கணக்கு சரி என்று உறுதியாகிவிட்டது. நானும் என் கிளையன்டுகளுக்கு இப்படித்தான் சரிபார்ப்பேன்.

இங்கேதான் நானும் முன்பு ஏமாந்தேன். இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கவே முடியாது, ஏனென்றால் இரண்டிலும் போவது அதே எண்கள். ரொக்க விற்பனை தனியாக எண்ணிப் பார்த்த எண் இல்லை, இடைவெளியை அடைக்கப் போட்ட எண். வீட்டுக்கு எடுத்தது உண்மையில் 70,000 என்றால் ரொக்க விற்பனை 10,000 கூடும், இலாபமும் 10,000 கூடும். அப்போதும் இரண்டு வழியும் அழகாக ஒத்துப்போகும். கூட்டல் பிழை இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டும். இந்தக் கடைக்காரர் 100-க்கு வாங்கியதை 150-க்கு விற்பார், எல்லாப் பொருளிலும் ஏறக்குறைய அதே. 3,07,000 அடக்கத்துக்கு விற்பனை 4,60,500 வந்திருக்க வேண்டும். நமக்கு வந்தது 4,40,000. 20,500 குறைகிறது.

கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, "வீட்டுக்கு வேண்டிய சாமானைக் கடையிலிருந்துதான் எடுப்போம், அதையும் எழுதணுமா?" என்றார். மாதம் அடக்க விலையில் 1,000 இருக்கும் என்று சேர்ந்து கணக்கிட்டோம், வருடத்துக்கு 12,000. அதைக் கொள்முதலில் கழித்து எடுப்புகளில் சேர்த்ததும் அடக்கம் 2,95,000 ஆனது. எதிர்பார்க்க வேண்டிய விற்பனை 4,42,500. இப்போது இடைவெளி 2,500 தான், உடைசலும் சில்லறைத் தள்ளுபடியும் அதற்குப் போதும். இலாபம் 67,000 ஆனது.

எங்கள் கடையில் ஒரு பொருளுக்கு 10 சதவீதம், இன்னொன்றுக்கு 60 சதவீதம். இந்தச் சோதனை எடுபடுமா?

மொத்தமாகப் போட்டால் எடுபடாது. சப்ளையர் பில்களை வகைவாரியாகப் பிரித்தால் ஓரளவு எடுபடும். அதற்குத் தொடக்க, இறுதிச் சரக்கையும் வகைவாரியாக எண்ணியிருக்க வேண்டும், அதைச் செய்திருப்பவர்கள் குறைவு.

என் பிரச்சினை வேறு. போன வருடக் கடைசியில் சரக்கை எண்ணவே இல்லை. தொடக்கச் சரக்குக்கு ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளலாமா?

கைக்கு வந்த எண்ணைப் போடாதீர்கள். தொடக்கச் சரக்கை 10,000 கூட்டிப் போட்டால் தொடக்க முதல் 10,000 கூடும், இந்த வருட இலாபம் அதே அளவு குறையும். இன்று எண்ணி, அதிலிருந்து பின்னோக்கிப் போகலாம்: இன்றைய சரக்கோடு விற்றவற்றின் அடக்கத்தைச் சேர்த்து, வாங்கியதைக் கழிப்பது. ஆனால் அந்த அடக்கத்துக்கு இலாப விகிதத்தை நீங்களே முடிவுசெய்ய வேண்டும். அப்புறம் அதே விகிதத்தை வைத்து விற்பனையைச் சோதித்தால் அது சோதனையே இல்லை, வட்டத்தில் சுற்றுவது. சிலர் முந்தைய கடைசி இரண்டு மாத பில்களில் விற்காமல் நின்றிருக்கக்கூடியதை வைத்து மதிப்பிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் பிடிக்கும், பழைய சரக்கு தேங்கும் கடையில் தவறும். எதைச் செய்தாலும், அந்த எண் மதிப்பீடு என்று நிலை அறிக்கையிலேயே அதன் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.