வரைபடப் பலகையும் புகைப்படம் எடுத்த இடமும்

கேள்வி: படத்தில் "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்ற பலகை தெரிந்தால், எடுத்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் பலகையில் உள்ள புள்ளி காட்டுவது பலகை நிற்கும் இடத்தை, கேமரா இருந்த இடத்தை அன்று. சுற்றுப்பயணிகளுக்கான வரைபடப் பலகை என்பது ஒரு வட்டாரத்தின் தெருக்களை வரைந்து, தான் நிற்கும் இடத்தைப் புள்ளியால் குறிக்கும் பலகை. அடுக்குமாடிக் கட்டடத்தில் மின்தூக்கி அருகே எல்லா மாடிகளிலும் ஒரே மாதிரியான பலகை இருந்து, மாடி எண் மட்டும் மாறுவதைப் போல, ஒரு வட்டாரத்தின் பல பலகைகளில் ஒரே வரைபடம் இருந்து, புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கலாம். ஆகவே தெருப்பெயர்கள் வட்டாரத்தைத் தரும், புள்ளிதான் முனையைத் தரும்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் எடுத்த ஒரு படத்தில், கேம்பல் லேன் சிராங்கூன் சாலையைச் சந்திக்கும் முனையில் புள்ளி இருப்பதாகவும், பலகைக்குப் பின்னால் சாலைக்கு அப்பால் தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடம் தெரிவதாகவும் வைத்துக்கொள்வோம். கேமராவுக்கும் தேக்காவுக்கும் நடுவே பலகை இருப்பதால், எடுத்தவர் கேம்பல் லேன் பக்கம் நின்றிருக்கிறார். எழுத்துகளைப் படிக்க முடிந்தால் சில அடிகள்தான் தள்ளி நின்றிருப்பார் என்று கருதலாம். ஆனால் தொலைவிலிருந்து ஜூம் செய்து எடுத்த படத்தில் இந்தக் கணிப்பு பொய்த்துவிடும். புள்ளி தேய்ந்திருந்தால், பின்னணிக் கட்டடங்களை வரைபடத்தோடு பொருத்திப் பார்ப்பதே வழி.

வரைபடத்தின் மேற்பக்கம் எப்போதும் வடக்கு என்று பலர் நினைக்கிறார்கள்; பார்ப்பவர் எதிர்நோக்கும் திசையையே மேலே வைத்து வரைந்த தெருப்பலகைகளும் உண்டு என்பதால், திசைக்குறியைப் பார்க்காமல் திசையை முடிவுசெய்யக் கூடாது.