கனமூலம் வரும் எல்லைக் கணக்குகள்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க நானும் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். x → 2 ஆகும்போது (∛(3x+2) − x)/(x − 2) என்பதன் எல்லையைக் காண வேண்டும். வர்க்கமூலம் வந்தால் நடுக்குறியை மாற்றி மேலும் கீழும் பெருக்குவது எனக்குப் பழக்கம். இங்கேயும் ∛(3x+2) + x ஆல் பெருக்கினேன், கனமூலம் போகவில்லை. விடைப் பக்கத்தில் மூன்று உறுப்புகள் கொண்ட ஏதோ ஒன்றால் பெருக்கியிருக்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது? லோபிதால் விதியில் இரண்டே வரியில் −3/4 வந்துவிடுகிறதே, அப்புறம் இந்தச் சுற்றுவழி எதற்கு?

க.

அன்புள்ள க.,

உங்கள் −3/4 சரியான விடைதான். அதை வேரிலிருந்து கொண்டுவந்து பார்ப்போம். லோபிதால் விதிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், நீங்கள் செய்த பெருக்கல் ஏன் பலிக்கவில்லை என்று பார்க்கலாம். எழுதச் சுலபமாக ∛(3x+2) என்பதை a என்றும், x என்பதை b என்றும் வைத்துக்கொள்வோம். a − b ஐ a + b ஆல் பெருக்கினால் a² − b² வரும். மூலம் வர்க்கமூலமாக இருந்தால் a² என்றதும் மூலக்குறி போய்விடும். ஆனால் இங்கே a² என்பது ∛(3x+2)². கனமூலம் அப்படியே இருக்கிறது. x = 2 என்று போட்டால் தொகுதியில் 4 − 4, அதாவது பூச்சியம். பகுதியில் (x − 2)(a + b), அதுவும் பூச்சியம். பெருக்கியதில் பிழை எதுவும் இல்லை, ஆனால் 0/0 என்ற நிலையிலிருந்து ஓர் அடிகூட நகரவில்லை.

இந்தக் கணக்கில் நாம் தேடுவது என்ன? பகுதியைப் பூச்சியமாக்குவது x − 2 என்ற காரணி. தொகுதியும் x = 2 இல் பூச்சியமாகிறது என்றால், அதே காரணி அங்கேயும் எங்கோ ஒளிந்திருக்க வேண்டும். கனமூலக்குறி அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. குறியை விலக்கிக் காரணியை வெளியே எடுத்தால் மேலும் கீழும் அடித்துவிடலாம். கனமூலத்தை விலக்க வேண்டுமென்றால் a³ வேண்டும், a² போதாது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: a − b ஐ எதால் பெருக்கினால் a³ − b³ கிடைக்கும்?

பள்ளியில் படித்த முற்றொருமையே பதில்.

a³ − b³ = (a − b)(a² + ab + b²)

வலப்பக்கத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். a ஆல் பெருக்கினால் a³ + a²b + ab². −b ஆல் பெருக்கினால் −a²b − ab² − b³. நடுவில் இருக்கும் நான்கும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, இரண்டு ஓரங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. நீங்கள் பார்த்த மூன்று உறுப்புகள் இவைதான். நடு உறுப்பு ab தான், 2ab அல்ல. வர்க்கத்தை விரித்துப் பழகிய கை தானாக 2ab எழுதிவிடும், மாணவர்கள் தாளில் நான் அடிக்கடி திருத்துவது இதைத்தான். சந்தேகம் வந்தால் மேலே செய்ததுபோல் விரித்துப் பாருங்கள், நடு உறுப்புகள் அழியாவிட்டால் தவறு தெரிந்துவிடும். கணக்கில் a + b இருந்தால் a² − ab + b² ஆல் பெருக்க வேண்டும், a³ + b³ வரும்.

இனி உங்கள் கணக்கு. மேலும் கீழும் a² + ab + b² ஆல் பெருக்குகிறோம். தொகுதி இப்படி ஆகிறது:

a³ − b³ = (3x + 2) − x³ = −(x³ − 3x − 2)

மூலக்குறி போய்விட்டது, வெறும் பல்லுறுப்புக்கோவைதான் மிச்சம். x = 2 இல் அது 8 − 6 − 2 = 0 என்பதால் x − 2 அதன் காரணி என்பதில் சந்தேகமில்லை. தொகுமுறை வகுத்தல் செய்தால் கெழுக்கள் 1, 0, −3, −2 என்று எழுத வேண்டும். x² உறுப்பு இல்லை என்பதால் அந்த 0 ஐ விட்டுவிடக் கூடாது, விட்டால் மீதி பூச்சியமாக வராது. சரியாகச் செய்தால் ஈவு x² + 2x + 1, அதாவது (x + 1)². ஆகவே மொத்தக் கோவை:

−(x − 2)(x + 1)² / [(x − 2)(a² + ab + b²)]

x என்பது 2 ஐ நெருங்குகிறதே தவிர 2 ஆவதில்லை, அதனால் x − 2 ஐ அடிப்பதில் தடையில்லை. மிஞ்சுவது −(x + 1)²/(a² + ab + b²). இப்போது x = 2 என்று போடலாம். a = ∛8 = 2, b = 2. மேலே −9, கீழே 4 + 4 + 4 = 12. விடை −9/12 = −3/4.

கால்குலேட்டரில் x = 2.001 போட்டும் பார்க்கலாம். ∛8.003 ஏறக்குறைய 2.00025. அதில் 2.001 ஐக் கழித்தால் −0.00075. அதை 0.001 ஆல் வகுத்தால் −0.75. எல்லைக் கணக்கு எதைச் செய்தாலும் இந்தச் சோதனையைக் கடைசியில் செய்துவிடச் சொல்லுங்கள், குறிப்பிழை இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மேலே செய்ததில் பகுதியில் இருக்கும் a² + ab + b² ஐ நான் விரிக்கவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதில் கனமூலங்கள் இருக்கின்றன, விரித்து எழுதினால் கண்ணைக் கட்டும். விரிக்கத் தேவையும் இல்லை. அந்தப் பக்கம் பூச்சியமாகாது, கடைசியில் எண்ணைப் போட்டால் போதும். விரிக்க வேண்டியது தொகுதியை மட்டும்தான்.

பூச்சியமாகாது என்று எப்படிச் சொல்கிறேன்? a² + ab + b² என்பதை (a + b/2)² + 3b²/4 என்று எழுதலாம். இரண்டு வர்க்கங்களின் கூட்டல், எனவே a, b இரண்டும் ஒன்றாகப் பூச்சியமானால் ஒழிய இது மிகை எண்தான். 0/0 வடிவத்தில் a, b இரண்டும் ஒரே எண்ணை நெருங்குகின்றன. அந்த எண் c என்றால் a² + ab + b² நெருங்குவது 3c² ஐ. உங்கள் கணக்கில் c = 2, அதனால்தான் 12 வந்தது. c குறை எண்ணாக இருந்தாலும் 3c² மிகைதான்.

அதைப் பார்க்க உங்கள் கோவையிலேயே இன்னொரு கணக்கு கிடைக்கிறது. (x + 1)² என்ற காரணி தொகுதியில் வந்ததே, அது தற்செயல் இல்லை. x = −1 என்று போட்டால் ∛(−1) = −1, ஆக a − b அங்கேயும் பூச்சியம். எனவே x → −1 ஆகும்போது (∛(3x+2) − x)/(x + 1)² இன் எல்லையைக் கேட்டால், அதே பெருக்கலில் (x + 1)² முழுவதும் அடிபட்டு −(x − 2)/(a² + ab + b²) மிஞ்சும். மேலே 3. கீழே a = b = −1, மூன்று உறுப்புகளும் தலா 1, மொத்தம் 3. விடை 1. லோபிதால் விதியில் இதற்கு இரண்டு முறை வகையிட வேண்டும், இரண்டாம் முறை ∛(3x+2) இன் இரண்டாம் வகைக்கெழு வேறு வேண்டும். முற்றொருமை வழியில் கூடுதல் வேலை எதுவுமே இல்லை. மகளுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரே தொகுதியில் இரண்டு பூச்சியங்கள் இருப்பதும், அவற்றில் ஒன்று இரட்டையாக இருப்பதும் மூலக்குறியை விலக்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிகின்றன.

இப்போது லோபிதால் விதி. தேர்வில் அனுமதி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வரிக்குள் ∛x இன் வகைக்கெழு 1/(3∛x²) என்பதை நீங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொள்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது? அடிப்படை வரையறையிலிருந்து தொடங்கினால், h → 0 ஆகும்போது (∛(x+h) − ∛x)/h இன் எல்லையைக் காண வேண்டும். இதுவே நம் வகைக் கணக்குதான். a = ∛(x+h), b = ∛x. a³ − b³ = h. அந்த h கீழே இருக்கும் h உடன் அடிபட்டு 1/(a² + ab + b²) மிஞ்சுகிறது. h பூச்சியத்தை நெருங்கும்போது மூன்று உறுப்புகளும் ∛x² ஆகின்றன, 1/(3∛x²) கிடைக்கிறது. நீங்கள் சுற்றுவழி என்று சொன்னதிலிருந்துதான் அந்த நேர்வழியே பிறக்கிறது. வகைக்கெழு இன்னும் படிக்காத மாணவருக்கு எல்லைப் பாடத்திலேயே இந்தக் கணக்கைக் கொடுப்பதன் காரணமும் இதுதான்.

இந்த வழி எங்கே நிற்கும் என்பதையும் அதே சூத்திரம் சொல்கிறது. c = 0 ஆனால் 3c² பூச்சியம். காரணியை அடித்த பிறகும் கீழே பூச்சியத்தை நெருங்கும் ஒன்று மிஞ்சியிருக்கும், எண்ணைப் போட்டு முடித்துவிட முடியாது. x → 0 ஆகும்போது (∛(x² + x) − ∛x)/x ஐ எடுத்துக்கொள்ளுங்கள். a³ − b³ = x². ஓர் x ஐ அடித்தால் x/(a² + ab + b²), மறுபடியும் 0/0. இங்கே பெருக்குவதற்கு முன்பே பொதுவாக இருக்கும் ∛x ஐ வெளியே எடுக்க வேண்டும். தொகுதி ∛x(∛(x + 1) − 1) ஆகிறது. அடைப்புக்குள் இப்போது c = 1, முற்றொருமை ஒழுங்காக வேலை செய்யும். அடைப்பை x ஆல் வகுத்தால் 1/3 ஐ நெருங்குகிறது, வெளியே இருக்கும் ∛x பூச்சியத்தை நெருங்குகிறது, எல்லை 0.

∛x என்ற வளைவு x = 0 இல் செங்குத்தாக நிமிர்ந்து நிற்பதும் இதனால்தான். அங்கே 1/(3∛x²) இன் பகுதி பூச்சியம், சாய்வுக்கு முடிவுள்ள மதிப்பு இல்லை.

அன்புடன்.