மச்சான் தலையில் நான் கட்டிய போன்

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு பாடசாலையில் வணிகக்கல்வி படிப்பிக்கிறேன். நுகர்வோரின் கொள்வனவுத் தீர்மானத்தில் ஐந்து படிகள் என்று பலகையில் எழுதுவேன்: தேவையை உணர்தல், தகவல் தேடல், மாற்றுவழிகளை மதிப்பிடல், கொள்வனவு, கொள்வனவுக்குப் பின்னான நடத்தை. போன மாதம் சீட்டுக் காசில் நானே ஒரு போன் வாங்கினேன். பழையது காலை பத்து மணிக்கே சார்ஜ் இறங்கிவிடும். கூடப் படிப்பிக்கும் ஒரு சேர் ‘கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்’ என்று சொன்ன மொடலையே ஹட்டனில் எடுத்தேன். அதே விலையில், நல்ல கேமராவோடு பக்கத்தில் இருந்த இன்னொன்றை விட்டுவிட்டு வந்தேன். கடைப் பையன் அவசரப்படுத்தியதும் ஒரு காரணம். இப்போது ஒவ்வோர் இரவும் அந்த மற்றப் போனின் வீடியோக்களையும் அதன் கீழே ஆட்கள் எழுதும் குறைகளையும் பார்த்துக்கொண்டே தூங்குகிறேன். ஐந்து படியில் எதில் வழுக்கினேன்?

அன்புள்ள டீச்சர்,

கடைப் பையனை விடுங்கள். அவன் அவசரப்படுத்தாவிட்டால் கடைசி பஸ் அவசரப்படுத்தியிருக்கும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த சேர்தான். அவர் தன் போனை எப்போது வாங்கினார்? உங்களுக்குச் சொல்வதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியொரு சேராக இருந்தவன், அதனால் கேட்கிறேன்.

2008இல் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரு போன் வேண்டும், என் குரலைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பது பீலிக்கரையில் மட்டும். மழைக்காலத்தில் பீலித் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. கடையில் இரண்டு போன் என் முன்னால் இருந்தன. ஒன்று டோர்ச் வைத்த சாதாரண பட்டன் போன், காதில் வைத்தால் பக்கத்துக் கடைக்கே கேட்கும். மற்றதில் கேமரா இருந்தது, விலை இரண்டு மடங்கு. எதை வாங்கியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். முதல் ஞாயிறு அம்மாவுக்கு கோல் எடுத்தேன். ‘கேக்கல தம்பி, கேக்கல’ என்று கத்திவிட்டு அம்மா வைத்துவிட்டார்.

தப்பு செய்துவிட்டேன் என்று சொன்னேனா? இல்லை. அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது லயம் முழுக்க அந்தப் போனின் புகழ்தான் பாடினேன். படம் பிடித்துக் காட்டினேன். கொம்பனிக்காரன்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டான். மாமா மகன், என் மச்சான், தீபாவளி அட்வான்ஸை அப்படியே கொண்டுபோய் அதே போனை வாங்கினான். அவனுக்கும் கேட்கவில்லை. அவன் மேல்கணக்கில் போய் நாலு பேரிடம் அதைப் புகழ்ந்திருக்கிறான்.

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் அறிகை இசைவின்மை என்று இதைத்தான் விளக்கினார். ‘நான் புத்திசாலி’ என்பதும் ‘நான் விட்டுவந்த போனில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன’ என்பதும் ஒரே தலைக்குள் ஒத்துப்போகாது. உறுத்தும். அந்த உறுத்தலைக் குறைக்க மனிதன் ஏதாவது செய்வான். அதே ஆண்டில் வந்த ஓர் ஆய்வில், புதுக் கார் வாங்கியவர்கள் தாங்கள் வாங்கிவிட்ட காரின் விளம்பரத்தையே விரும்பிப் படித்தது தெரியவந்தது. வாங்கி முடித்த பிறகு விளம்பரம் எதற்கு? தலையைத் தடவிக்கொடுக்கத்தான். நீங்கள் இரவில் செய்வதும் அதேதான். மற்றப் போனின் வீடியோ பார்க்கிறேன் என்கிறீர்கள், ஆனால் தேடுவது அதன் குறைகளை. ‘ஹீட் ஆகிறது’ என்று யாராவது எழுதியிருந்தால் அன்றைக்கு நல்ல தூக்கம் வந்திருக்குமே?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கோபம் இருக்கிறது, அது நீங்கள் பலகையில் எழுதுகிற ஐந்து படியைப் பற்றியது. ஏணி மாதிரி எழுதுகிறீர்கள், ஒரே ஆள் கீழிருந்து மேலே ஏறிப் போவதாக. தகவல் தேடல் என்று போட்டு, அதன் கீழே நண்பர்கள், குடும்பத்தினர், விளம்பரம் என்று பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறோம். அந்த நண்பர் எந்தப் படியில் நிற்கிறார் என்று யாராவது கேட்டோமா? உங்கள் இரண்டாம் படியில் வந்து பேசியவர் தன்னுடைய ஐந்தாம் படியில் நின்றவர். உங்கள் தேவை அவருக்குத் தெரியாது, தன் உறுத்தலைத்தான் ஆற்றிக்கொண்டிருந்தார். நீங்களும் அதே போனை எடுத்ததும் அவர் மனசு ஆறியிருக்கும். விளம்பரம் என்றால் சந்தேகப்படுகிறோம், கூட வேலை செய்கிறவர் என்றால் அப்படியே நம்பிவிடுகிறோம். வணிகக்கல்வி டீச்சர், நீங்களுமா?

‘போன் நல்லதா?’ என்று கேட்டால் வாங்கியவர் யாரும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார். ‘வாங்கும்போது எதை விட்டுவிட்டு வந்தீர்கள், இப்போது எது எரிச்சலாக இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். அப்புறம் ஒன்றரை வருடமாவது பாவித்தவரிடம் கேட்க வேண்டும், அவருக்கு ஆற்றிக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது. எல்லாரையும்விட போன் திருத்துகிற பையனிடம் கேட்க வேண்டும். எந்த மொடல் அவன் மேசைக்கு அடிக்கடி வருகிறது, எதற்கு டிஸ்ப்ளே கிடைக்காமல் கொழும்புக்குச் சொல்லிவிடுகிறான் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

சரி, உங்கள் போன். நீங்கள் விட்டுவந்தது மட்டமான போனாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இரண்டும் ஒரே விலை, ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. தராசு இப்படிச் சமமாக நிற்கும்போதுதான் உறுத்தல் கூடும். ஆகவே உறுத்தலை வைத்து போனை எடைபோடாதீர்கள். உங்கள் முதல் படி என்ன, சார்ஜ் நிற்க வேண்டும் என்பதுதானே? ஒரு வாரத்துக்கு, காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது எத்தனை சதவீதம், மாலை திரும்பும்போது எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த இரவு வீடியோக்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது போனின் குற்றமில்லை. மாலை வரை தாராளமாக நிற்கிறது என்றால் கேமராவைப் பற்றிய பேச்சு இனி எனக்கு வேண்டாம். முப்பதில் இருந்தது திடீரென்று அணைந்துவிடுகிறது, சும்மா வைத்தாலே சுடுகிறது என்றால் அது மனசின் கோளாறு இல்லை, போனின் கோளாறு. பில்லையும் வாரண்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் கையை விரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு கோல் எடுங்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பார்த்தீர்களா? காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியது, பரவாயில்லை, இப்போதாவது செய்யுங்கள். `*#06#` அடித்தால் 15 இலக்கம் வரும். `IMEI` என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

அம்மாவின் கேமராப் போன் இரண்டு வருடத்தில் மழையில் நனைந்து செத்துப்போனது. இந்த முறை என்னிடம் சொல்லாமல், பக்கத்துக் காம்பரா அக்காவைக் கூட்டிக்கொண்டு அம்மாவே டவுனுக்குப் போயிருக்கிறார். கடைப் பையனை ரோட்டுக்கு அனுப்பி, ஸ்டார்ட் பண்ணி நின்ற பஸ் பக்கத்தில் நின்று பேசச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது போனில் அவன் பேசியது தெளிவாகக் கேட்டதும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ‘என்ன போன்மா?’ என்று கேட்டேன். ‘கறுப்பு’ என்றார்.